கழிவுப் பலகை மாட்டுவதற்கு முன் ஒரு கணக்கு

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் குடும்பமாகத் துணிக்கடை நடத்துபவர்கள், தீபாவளி நெருங்கியதும் ‘20 விழுக்காடு கழிவு’ என்று வாசலில் பதாகை கட்டிவிடுகிறோம். எங்கள் கடையிலும் அப்பா ஆண்டுதோறும் அதைத்தான் முதலில் கேட்பார். விளம்பரத்துக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல் ஒதுக்க முடியாத கடைக்கு அது ஏற்ற வழியன்று என்பது என் கருத்து.

60 வெள்ளிக்கு வாங்கி 100 வெள்ளிக்கு விற்கும் பஞ்சாபி உடையில் நூறு எடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முழு விலையில் 80 உடைகள் விற்றால் 8,000 வெள்ளி வரும். கழிவு கொடுத்து, 80 வெள்ளிக்கு நூறையும் விற்றுத் தீர்த்தாலும் வருவது அதே 8,000 வெள்ளிதான். முதல் வகையில் மிஞ்சும் இருபதையும் பொங்கலுக்குள் வாங்கிய விலைக்கே தள்ளிவிட்டால்கூட 1,200 வெள்ளி கூடுதலாகக் கிடைக்கும். பண்டிகைக்கு முந்தைய வாரம் எப்படியும் வாங்க வரும் ஆளுக்குக் கழிவு கொடுப்பது, நம் இலாபத்தில் பாதியை நாமே எடுத்துக் கொடுப்பதாகும்.

உண்மையான ஆபத்து சரக்கில் இருக்கிறது. மொத்த வியாபாரிகள் பெரும்பாலும் அளவுக்கு ஒன்றாகச் செட் போட்டுத்தான் கொடுக்கிறார்கள். வாங்குபவர்களின் உடம்போ செட் கணக்கில் அமைவதில்லை. எங்கள் கடையில் எல், எக்ஸ்எல் அளவுகள் பண்டிகைக்குப் பத்து நாள் முன்பே தீர்ந்துவிடும். தீபாவளி முடிந்து அலமாரியைத் திறந்தால் மீடியம் அளவும், யாருக்கும் பிடிக்காத அந்தக் கடுகு நிறமும் வரிசையாகத் தொங்கும். ஆகவே எது ஓடும், எது தங்கும் என்பதை மறுசரக்கு எடுக்கக் கால அவகாசம் இருக்கும்போதே அறிந்துகொள்வதுதான் சிறிய கடைக்கான விளம்பரத்தின் வேலை. கூட்டத்தைக் கடைசி வாரத்தில் பெருக்குவதைவிட, அதில் ஒரு பகுதியை ஒரு மாதம் முன்னதாக வரவழைக்க வேண்டும்.

இங்கே சம்பள நாள் குறுக்கிடுகிறது. இவ்வாண்டு தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஒரு மாதச் சம்பளத்தை அம்மாதம் முடிந்த ஏழு நாள்களுக்குள் கொடுத்தால் போதும். எனவே ஏழாம் தேதி சம்பளம் வாங்கும் குடும்பத்துக்கு, முதலாளி முன்கூட்டியே கொடுத்தாலன்றி, அக்டோபர் மாதப் பணம் தீபாவளிக்கு முதல் நாள்தான் கைக்கு வரும். 2025இல் பண்டிகை அக்டோபர் 20இல் வந்ததால் சம்பளத்துக்குப் பின் ஏறத்தாழ இரண்டு வாரம் கிடைத்தது. அந்த நாள்காட்டியை வைத்துக்கொண்டு இவ்வாண்டு திட்டமிட்டால், நவம்பர் முதல் வாரத்தில் ஆளில்லாக் கடையையும், ஏழாம் தேதி மாலையில் சமாளிக்க முடியாத நெரிசலையும் பார்க்க நேரிடும்.

நான் முன்வைப்பது இதுதான். அக்டோபர் 8 முதல் 22 வரை சேலை எடுப்பவர்களுக்கு ஃபால்ஸ் அடித்து, ஓரம் தைத்து இலவசமாகக் கொடுப்போம். எங்கள் தையல்கார அக்காவுக்குச் சேலைக்குப் பத்து வெள்ளி. எண்பது சேலைக்கு 800 வெள்ளியில் முடிந்துவிடும். மீதி 200 வெள்ளி தாமான்களில் ஒட்டும் அறிவிப்புகளுக்குப் போதும். மற்றதை அண்ணி புலனக் குழுக்களில் பார்த்துக்கொள்வார். 22ஆம் தேதிக்குப் பிறகு அக்கா புதுத் துணி வாங்கமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். அதனால் அந்தக் கெடுவை யாரும் வியாபாரத் தந்திரமாக நினைக்கப்போவதில்லை.

தையல் தேவைப்படாத பஞ்சாபி உடைக்கும் பிள்ளைகளின் பாவாடை சட்டைக்கும் 20 வெள்ளி முன்பணத்தில் எடுத்து வைக்கும் வசதி செய்யலாம். பற்றுச்சீட்டில் அளவு, நிறம், சம்பள நாள் மூன்றையும் எழுதிவிட்டால், அந்தச் சீட்டுக்கட்டே மறுசரக்குக்கான பட்டியலாகிவிடும். முதலில் நூறுக்குப் பதில் அறுபது உடைகள் மட்டும் எடுத்து, 23ஆம் தேதி சீட்டுகளை எண்ணிப் பார்த்து, எல் அளவில் பன்னிரண்டும் மீடியத்தில் இரண்டும் போயிருந்தால் அதற்கேற்ப மஸ்ஜிட் இந்தியாவுக்கு ஆள் அனுப்பலாம். செட்டைப் பிரித்துக் கொடுக்க அதிக விலை கேட்பார்கள். உடைக்கு ஐந்து வெள்ளி கூடினாலும், விற்காத ஓர் உடை 60 வெள்ளியை முடக்குவதோடு ஒப்பிட்டால் அது மலிவுதான்.

இதற்கு எல்லை உண்டு. அவ்வாண்டு மோகத்தில் வரும் சேலை அக்டோபர் கடைசியில் மொத்தக் கடையிலேயே இருக்காது. ஆகவே அதை முதலிலேயே, ஆனால் குறைவாக எடுத்து, தீர்ந்தால் தீர்ந்தது என்று விட்டுவிட வேண்டும். வேட்டி, துண்டு, உள்பாவாடை அடுத்த ஆண்டும் விற்கும் என்பதால் அவற்றில் துணிந்து பணம் போடலாம்.

முன்பணம் கட்டிவிட்டு வராமல் போகிறவர்களும் இருப்பார்கள். மாதக் கடைசியில் சம்பளம் வாங்குபவருக்கு நவம்பர் 3, மற்றவருக்கு 7ஆம் தேதி மாலை ஆறு மணி என்று சீட்டிலேயே எழுதி, அதற்கு மேல் உடை விற்பனைக்குப் போகும் என்றும் முன்பணத்தை வேறு துணியில் கழித்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட வேண்டும். விலையுயர்ந்த பட்டுக்கு மட்டும் பாதி விலையை முன்பணமாகக் கேட்பது நல்லது. அதில் ஒன்று தங்கினாலும் பத்துப் பஞ்சாபி உடையின் இலாபம் போய்விடும்.