மூன்று மாதம் வலித்தால் முடக்குவாதமா?

கோவில் குழுவில் சனிக்கிழமை இரவு சுற்றிய அந்தக் குரல்பதிவை நீங்கள் அனைவரும் கேட்டிருப்பீர்கள் என்பதால் அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. "சிக்குன்குனியா ஒரு வாரத்தில் போய்விடும், மூன்று மாதத்திற்கு மேல் மூட்டு வலித்தால் அது வாழ்நாள் முடக்குவாதம்தான், ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும், அதற்கு ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை இருக்கிறது" என்று அத்தனை உறுதியாகப் பேசியவருக்கு நாட்டு மக்கள் மீது மிகுந்த அக்கறை இருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன். அந்த அக்கறையைக் கேட்டுவிட்டு என் அக்கா இரவு முழுவதும் தூங்காமல் அழுதார் என்பதை மட்டும் அவருக்குத் தெரிவித்துவிடுகிறேன்.

காய்ச்சலுக்குப் பின் மாதக்கணக்கில் நீடிக்கும் வலி வேறு, மூட்டு எலும்பையே அரிக்கும் ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்னும் முடக்குவாதம் வேறு. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். காலையில் விரல்கள் மடங்காது, இரண்டு மணிக்கட்டும் ஒருசேர வீங்கும், கணுக்கால் தரையில் ஊன்றாது. சிக்குன்குனியா என்ற சொல்லே தான்சானியாவின் மகொண்டே மொழியில் உடல் வளைந்து முடங்குவதைக் குறிக்கிறது. நம் மொழியிலும் முடக்குவாதம் என்கிறோம். பெயர்கள் ஒத்துப்போனால் நோயும் ஒன்றாகிவிடுமா என்ன?

"நீ என்ன மருத்துவரா?" என்று கேட்பீர்கள். இல்லை. இருபத்தாறு ஆண்டுகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன். குரல்பதிவில் "ரத்தத்திலேயே தெரிந்துவிடும்" என்று சொல்லப்பட்ட அந்தப் பரிசோதனையை ஆயிரக்கணக்கான முறை என் கையால் செய்திருக்கிறேன். ஆர்.எஃப். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ரூமட்டாய்டு காரணி என்னும் எதிர்ப்பொருள், முடக்குவாதம் இல்லாதவர்களுக்கும் கூடுதலாக வரும். வயதானவர்கள் சிலருக்கு எந்த நோயும் இல்லாமலே வரும். வைரஸ் காய்ச்சல் ஏதேனும் வந்துபோன பிறகு சில மாதங்களுக்குத் தற்காலிகமாக ஏறி, பிறகு தானே இறங்கும். சிக்குன்குனியா வந்த ஒருவருக்கு அது சற்று ஏறியிருப்பதைக் கண்டதும் வாழ்நாள் நோய் என்று தீர்ப்பெழுதுவது, மழையில் நனைந்து வந்தவனைக் குளத்தில் விழுந்தவன் என்று சொல்வதைப் போன்றது.

அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஏப்ரலில் திடீரென்று காய்ச்சல் வந்தது. அன்று மாலைக்குள் இரண்டு மணிக்கட்டுகளும் கணுக்கால்களும் பிடித்துக்கொண்டன. நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது, தோலில் தடிப்புகள் வந்து மறைந்தன. வலி மட்டும் போகவில்லை. ஜூலையில் இங்கே மொரீஷியஸின் ரோஸ்ஹில்லில் குளிர் இறங்கியபோது, ஏறக்குறைய போய்விட்டது என்று நினைத்த வலி முழு வேகத்தில் திரும்பியது. காவடிக்குப் பூக்கட்டும் கை, ஏழு கறிக்கு ஒரே மூச்சில் பத்துத் தேங்காய் துருவும் கை, தேநீர்க் கோப்பையைத் தூக்க முடியாமல் நடுங்கியது. அக்கம்பக்கத்தார் முடக்குவாதம் என்றார்கள். ஆர்.எஃப். வேறு சற்றுக் கூடுதலாக இருந்ததால், உண்மையைச் சொன்னால், ஒரு வாரம் நானும் பயந்தேன்.

மூட்டு நோய் மருத்துவர் அவசரப்படவில்லை. முதலில் ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்த்தார். பிறகு ஆன்டி சி.சி.பி. என்ற வேறொரு பரிசோதனையை எழுதினார். முடக்குவாதத்தை ஆர்.எஃப்.பை விடக் கூர்மையாகக் காட்டுவது அதுதான், அது அக்காவுக்கு இல்லை என்று வந்தது. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. இயல்பாக இருந்தது. கைகளின் எக்ஸ்ரேயில் எலும்பு ஓரங்கள் அரிக்கப்படவில்லை. ஸ்கேனில் மணிக்கட்டுத் தசைநாண்களைச் சுற்றியிருக்கும் உறைதான் வீங்கியிருந்தது. அதாவது வலித்தது பெரும்பாலும் மூட்டு அன்று, மூட்டைக் கடந்து செல்லும் நாண். இதில் எந்த ஒன்றும் தனித்து நின்று தீர்ப்புச் சொல்லாது, எல்லாவற்றையும் சேர்த்து, மாதக்கணக்கில் வலி ஏறுகிறதா இறங்குகிறதா என்றும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று அவர் எங்களிடம் சொன்னார். இப்போது எட்டாம் மாதம். வலி நாளுக்கு நாள் குறையவில்லை, ஆனால் மாதத்திற்கு மாதம் குறைந்திருக்கிறது.

"அப்படியானால் வலியைப் பொறுத்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்கிறாயா?" என்று ஒருவர் நிச்சயம் எழுதுவார். நான் அப்படி எங்கே சொன்னேன்? அக்காவுக்குச் சில வாரங்களுக்கு வலி நிவாரணியும், வயிற்றைக் காக்க இன்னொரு மாத்திரையும், மணிக்கட்டுக்கு இரவுப் பட்டையும், கைப்பயிற்சியும் கொடுத்தார்கள். அது சும்மா இருப்பது ஆகாது.

"ஏழு மாதம் கழித்தும் வைரஸ் உடம்பில் இருக்குமா?" என்பது நியாயமான கேள்வி. ரத்தத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்திற்கு மேல் அது இருப்பதில்லை. ஆயினும் நம் பக்கத்துத் தீவான ரெயூனியனில் ஒரு நோயாளியின் மூட்டுச் சவ்வில், நோய் வந்து பதினெட்டு மாதங்கள் ஆன பிறகும் அதன் எச்சங்களைக் கண்டிருக்கிறார்கள். வேறு சில ஆய்வுகளில் மூட்டு நீரில் எதுவும் கிடைக்கவில்லை. எச்சம் தங்குவதால் வலிக்கிறதா, கிளர்ந்த நோயெதிர்ப்பு அடங்க மறுப்பதால் வலிக்கிறதா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. நம் குரல்பதிவு நண்பருக்கு மட்டும் அதில் ஐயமே இல்லை.

இன்னொரு பக்கத்தையும் மறைக்க மாட்டேன். 2005, 2006 ஆண்டுகளில் ரெயூனியனில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். அப்போது செயின்ட் ஆந்த்ரேயில் இருந்த எங்கள் பெரியப்பாவும் படுத்தார். அவருக்கு வலி இறங்கவே இல்லை. விரல்களின் அடிமூட்டுகளில் பஞ்சு போன்ற வீக்கம் நிலைத்தது, ஆன்டி சி.சி.பி. வலுவாக வந்தது, ஓராண்டுக்குள் எக்ஸ்ரேயில் அரிப்புத் தெரிந்தது. அது உண்மையான முடக்குவாதம். சிக்குன்குனியாவைத் தொடர்ந்து சிலருக்கு அது வருவதுண்டு. அவரும் எல்லாம் காய்ச்சலின் மிச்சம் என்று ஓராண்டு காத்திருந்தார், வளைந்த விரல்கள் பிறகு நிமிரவில்லை. ஆகவே வீக்கம் இறங்காதவர்கள் மூன்று மாதத்திற்குப் பிறகும் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு காலம் தள்ளக் கூடாது. ஆனால் பெரியப்பாவின் கதையை எடுத்து அக்காவின் தலையில் கட்டாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். நீடிக்கும் வலி வேறு, முடக்குவாதம் வேறு.

அந்த மஞ்சள் மாத்திரைக்கு வருகிறேன், ஏனெனில் எனக்குக் கோபம் வந்ததே அங்குதான். அது மெத்தோட்ரெக்சேட் என்று எனக்குப் படுகிறது. முடக்குவாதத்திற்கு நல்ல மருந்துதான், பெரியப்பாவுக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். வாரத்திற்கு ஒரே ஒரு நாள், ஃபோலிக் அமிலத்துடன், கல்லீரலையும் ரத்த அணுக்களையும் அவ்வப்போது பரிசோதித்துக்கொண்டு எடுக்க வேண்டிய மருந்து. தவறுதலாகத் தினமும் எடுத்தவர்கள் எலும்பு மஜ்ஜை செயலிழந்து இறந்திருக்கிறார்கள். குரல்பதிவில் "வாரம்" என்ற சொல்லே இல்லை. மூன்று முறை கேட்டுப் பார்த்தேன். ஊரிலிருந்து வரவழைக்கலாம் என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது. குழுவில் அதற்குக் கீழே இன்னொருவர் ஸ்டீராய்டைப் பரிந்துரைக்கிறார். இரண்டே நாளில் வலி பறந்துவிடுமாம். பறக்கும், நிறுத்தியதும் முன்னைவிட வேகமாகத் திரும்பி வரும் என்பதை மட்டும் ஏனோ அவர் எழுதவில்லை.

"நல்லெண்ணத்தில்தானே சொன்னார்" என்று என் சொந்த மைத்துனரே என்னிடம் கேட்டார். இருக்கட்டும். அக்கா வரும் தைப்பூசத்திற்குப் பூக்கட்ட வர முடியாது என்று கோவிலில் சொல்லிவிட்டார், வலியால் அல்ல, இனி எப்படியும் கை போய்விடும் என்ற நினைப்பால். மருத்துவர் மாதக்கணக்கில் எடுத்துக் கொடுத்த தைரியத்தை நான்கு நிமிடக் குரல்பதிவு எடுத்துச் சென்றுவிட்டது.

இன்று காலை குழுவைத் திறந்து பார்த்தேன். அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, கீழே பதினேழு கும்பிடு குறிகளுடன்.