69 வருட வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

ஏஜிஐ, அதாவது மனிதனைப் போல எந்த வேலையையும் செய்யக்கூடிய பொதுவான ஏஐ, எப்போது வரும் என்ற சண்டை என் டைம்லைனில் மறுபடி ஆரம்பித்திருக்கிறது. இன்னும் 2 வருடம்தான் என்று ஒருத்தர், நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் வராது என்று இன்னொருத்தர், கீழே நூறு கமெண்ட். இரண்டு பேரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசவே இல்லை என்பது என் கருத்து. எதனால் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

2023-ல் ஏஐ இம்பாக்ட்ஸ் என்ற அமைப்பு ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. பெரிய ஏஐ மாநாடுகளில் ஆய்வுக்கட்டுரை வெளியிட்ட 2,778 பேர் பதில் சொன்னார்கள். இதில் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி ஆட்களைப் பிரித்து, ஒரு பகுதியிடம் ஒரு கேள்வி, இன்னொரு பகுதியிடம் வேறு கேள்வி கேட்டார்கள். முதல் கேள்வி: மனிதன் செய்கிற எல்லாப் பணிகளையும் இயந்திரங்கள் யார் உதவியும் இல்லாமல், மனிதனைவிட நன்றாகவும் மலிவாகவும் செய்வது எப்போது? அரைக்கு அரை வாய்ப்பு உள்ள வருடம் என்று வந்தது 2047. இரண்டாவது கேள்வி: எந்தத் தொழிலை எடுத்துக்கொண்டாலும், அதை மனிதனைவிட நன்றாகவும் மலிவாகவும் செய்கிற இயந்திரத்தை உருவாக்க முடிவது எப்போது? வந்த வருடம் 2116.

69 வருடம் வித்தியாசம். நான் இதை முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன்.

ஏனென்றால் தொழில் என்பது என்ன, பணிகளின் மூட்டைதானே? ஒரு நர்ஸின் தொழிலைப் பிரித்துப் பார்த்தால் பிரஷர் பார்ப்பது, ஊசி போடுவது, நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது, கேஸ் ஷீட் எழுதுவது, பயந்துபோன உறவினரிடம் நிதானமாகப் பேசுவது என்று பணிகளாகத்தான் விரியும். எல்லாப் பணியும் இயந்திரத்தால் முடியும் என்றால் எல்லாத் தொழிலும் முடிந்திருக்க வேண்டும், கணக்குப்படி இரண்டு வருடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். "முடியும் என்பது வேறு, சமூகம் ஏற்றுக்கொள்வது வேறு, அதற்குத்தான் அந்த 69 வருடம்" என்று சிலர் சொல்கிறார்கள். அதுவும் பொருந்தாது, ஏனென்றால் சாத்தியமா என்று மட்டும் பாருங்கள், நடைமுறைக்கு வருமா என்று பார்க்காதீர்கள் என்று கேள்வியிலேயே எழுதியிருந்தார்கள். ஜூரியில் உட்காருவது போல மனிதனாக இருப்பதே தகுதியாகிற விஷயங்களையும் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.

அப்புறம் எங்கிருந்து வந்தது வித்தியாசம்? என் கணிப்பு இதுதான். "பணி" என்றதும் மனசுக்குள் ஓடுவது டெமோ: கோட் எழுதுகிறது, மொழிபெயர்க்கிறது, படம் வரைகிறது. "தொழில்" என்றதும் ஒரு ஆள் வந்து நிற்கிறார். தொழில் கேள்வி கிடைத்தவர்களிடம் அதற்கு முன்னால் லாரி ஓட்டுநர், அறுவை சிகிச்சை நிபுணர் என்று குறிப்பிட்ட சில தொழில்களைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். மழையில், குண்டும் குழியுமான ரோட்டில், பாதி சரிந்த லோடோடு போகிற லாரியை யோசித்துவிட்டு வருடம் சொல்லும்போது அது தானாகவே தள்ளிப் போகும். கேள்வி கேட்கிற விதமும் சேர்ந்துகொள்கிறது. "எந்த வருடத்தில் 50 சதவீத வாய்ப்பு?" என்று கேட்டால் ஒரு விடை, "இன்னும் 20 வருடத்தில் எத்தனை சதவீத வாய்ப்பு?" என்று திருப்பிக் கேட்டால் இன்னும் தள்ளிப்போகிற விடை. அதே அமைப்பு 2022-ல் பணிக் கேள்விக்குப் பெற்ற விடை 2060. ஒரே வருடத்தில் 13 வருடம் இறங்கியிருக்கிறது, நடுவில் சாட்ஜிபிடி வந்திருந்தது. ஆக இந்த எண்களை ரயில்வே அட்டவணை மாதிரி எடுத்துக்கொண்டு சண்டை போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

வரையறையைத் துல்லியமாக எழுதிவிட்டால் பிரச்சினை தீருமா என்றால் அதுவும் இல்லை. மெட்டாகுலஸ் என்ற கணிப்புத் தளத்தில் ஏஜிஐ-க்கு ரொம்பக் கறாராக ஒரு வரையறை வைத்திருக்கிறார்கள். ஒரே சிஸ்டம் 4 விஷயம் செய்ய வேண்டும். மனிதனா இயந்திரமா என்று கண்டுபிடிக்கவே உட்கார்ந்திருப்பவர்களை 2 மணி நேர உரையாடலில் ஏமாற்ற வேண்டும், பல பாடங்களில் கேள்வி-பதில் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் எடுக்க வேண்டும், கடினமான புரோகிராமிங் கணக்குகளை முதல் முயற்சியிலேயே போட வேண்டும். நான்காவதுதான் முக்கியம்: ஃபெராரி 312 டி4 காரின் 1:8 அளவு மாடலை, மனிதர்களுக்காக எழுதிய குறிப்பைப் படித்து, ரோபோ கை பூட்டி முடிக்க வேண்டும்.

என் அக்கா பையனுக்காக இதைவிட ரொம்பச் சின்ன கார் மாடல் ஒன்றை நானும் அவனும் உட்கார்ந்து பூட்டியிருக்கிறோம். அரிசி அளவு திருகு ஒன்று பாய்க்கு அடியில் போய்விட்டது. ரப்பர் டயரை எவ்வளவு அழுத்தினால் ரிம்மில் உட்காரும், எவ்வளவு அழுத்தினால் ரிம் உடையும் என்பது எந்தக் குறிப்பிலும் இல்லை, விரலுக்குத்தான் தெரியும். பையனுக்கு அப்போது 11 வயது, அவனுக்கு அது தெரிந்திருந்தது. மற்ற மூன்று தேர்விலும் இன்றைய ஏஐ மாடல்கள் எகிறி அடித்தாலும், நான்கில் எது கடைசியாக வருகிறதோ அதுதான் அந்த வரையறையின் தேதி. ஓபன்ஏஐ தன் சாசனத்தில் வைத்திருக்கும் வரையறையோ, பொருளாதார மதிப்புள்ள பெரும்பாலான வேலைகளில் மனிதர்களை மிஞ்சுகிற, தானே இயங்கும் சிஸ்டம் என்று போகிறது. "பெரும்பாலான" என்றால் 51 சதவீதமா 95 சதவீதமா? அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே பல வருடங்கள் ஒளிந்திருக்கின்றன.

வேகமாக வரும் என்பவர்கள் சும்மா சொல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மீட்டர் என்ற ஆய்வுக்குழு 2025 மார்ச்சில் ஓர் அளவீட்டை வெளியிட்டது. ஒரு நிபுணருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் சாஃப்ட்வேர் வேலையை ஏஐ மாடல் பாதிக்குப் பாதி தடவை சரியாக முடிக்கிறது என்று பார்த்தார்கள். அன்றைய சிறந்த மாடலுக்கு அது சுமார் ஒரு மணி நேரம், ஏறக்குறைய 7 மாதத்துக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகிக்கொண்டு வந்திருக்கிறது. ஒரு மாத வேலை என்பது ஏறக்குறைய 160 மணி நேரம். ஒன்றை 7 தடவைக்குக் கொஞ்சம் மேலே இரட்டித்தால் 160 வந்துவிடும், அதாவது 4 வருடம் சொச்சம். 2029 அல்லது 2030 என்று சொல்கிற பலர் பிடித்திருப்பது இந்த மாதிரி ஏறிக்கொண்டே போகிற கோட்டைத்தான்.

ஆனால் அந்த அளவீட்டின் உள்ளே பாருங்கள். பத்துக்கு எட்டு தடவை சரியாக வர வேண்டும் என்று கேட்டால் ஒரு மணி நேரம் என்பது கால் மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. அந்த வேலைகளும் தொடக்கமும் முடிவும் தெளிவாக உள்ளவை, முடிவைப் பெரும்பாலும் தானியங்கியாகச் சரிபார்க்கக் கூடியவை. பாதியில் மனசு மாறுகிற வாடிக்கையாளர் அங்கே கிடையாது. அந்தக் கோடு உண்மை. அதை ஏஜிஐ வரை நீட்டும்போதுதான் சாஃப்ட்வேரில் நடப்பது லாரியிலும் வார்டிலும் நடக்கும் என்று ஒரு நம்பிக்கையைச் சேர்த்துக்கொள்கிறோம்.

என் அளவுகோல் என்ன என்று கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன். ஒரு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஆளுக்கு எவ்வளவு சொல்லிக்கொடுப்போமோ அவ்வளவு மட்டும் சொல்லிக்கொடுத்து, ஆறு மாதம் கழித்து மேலே யாரும் நின்று பார்க்காமல் அந்த நாற்காலியை அதனிடம் விட முடிய வேண்டும், அதுவும் ஒரு துறையில் இல்லை, மேசையில் உட்கார்ந்து செய்கிற வேலையில் எதை எடுத்தாலும். கை வேலையை நான் சேர்க்கவில்லை, சேர்த்தால் என் வருடமும் நிச்சயம் தள்ளிப் போகும். கமெண்டில் வருடம் போடுகிறவர்கள் தயவுசெய்து உங்கள் அளவுகோலையும் சேர்த்துப் போடுங்கள், ஃபெராரி உள்ளே இருக்கிறதா இல்லையா என்பதையும்.