கிளைம் அழைப்பென்று நினைத்து எடுத்தேன்

அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜ் எழுதிக் கொடுத்த நாள் அது. பில்லிங் கவுண்டருக்கு முன்னால் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். இறுதி பில் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போய்விட்டது, அவர்களிடமிருந்து அனுமதி வர வேண்டும். மூன்று மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று காப்பீட்டுக் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ 2024-லேயே சொல்லிவிட்டது. அந்த மூன்று மணி நேரமும் போன் கையில்தான். ஏதாவது பேப்பர் கேட்டு அழைத்து, நான் எடுக்காமல் விட்டால், அம்மா இன்னொரு ராத்திரி அங்கேயே படுத்திருக்க வேண்டும்.

போன் வந்தது. ட்ரூகாலரில் அதே கம்பெனி பேர். பதறி எடுத்தேன். "மேடம், உங்க பாலிசி நம்பர்ல முடியறது இந்த நாலு இலக்கம்தானே? உங்களுக்கு ஒரு ஸ்பெஷல் டாப்-அப் பிளான் வந்திருக்கு." என் அம்மா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், "என்னடி, ஒத்துக்கிட்டாங்களா?" என்று. நான் என்ன சொல்வேன்? அன்று சாயங்காலத்துக்குள் அப்படி மூன்று அழைப்புகள். மூன்றும் வேறு வேறு எண்.

எரிச்சல் தரும் போன் எல்லோருக்கும்தான் வருகிறது, எண்ணை பிளாக் பண்ணு என்பார்கள். யாரோ முகம் தெரியாத கடன் கம்பெனி என்றால் பண்ணியிருப்பேன். இது வருஷா வருஷம் நான் பிரீமியம் கட்டும் கம்பெனி. பிளாக் பண்ணினால் புதுப்பிக்கும் தேதி, கிளைம் கேள்வி எல்லாம் சேர்ந்து போய்விடுமோ என்று பயம். அந்தப் பயத்தைத்தான் இவர்கள் காசாக்கப் பார்க்கிறார்கள். என் கோபம் அதில்தான்.

கஸ்டமர் கேருக்கு அழைத்து நிறுத்தச் சொன்னேன். "நிறுத்திட்டா பிரீமியம் ரிமைண்டரும் வராது மேடம், பரவாயில்லையா?" என்று மிரட்டினார்கள். அது பொய். பிரீமியம் கெடு, புதுப்பித்தல், கிளைம் நிலவரம் எல்லாம் சேவைத் தகவல். இன்னொரு பாலிசி வாங்கச் சொல்வது விளம்பரம். தொலைபேசி கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் டிராய் அமைப்பின் விதிகளே இரண்டையும் வேறு வேறாகத்தான் பார்க்கின்றன. விளம்பரம் வேண்டாம் என்று சொன்னவருக்குச் சேவைத் தகவலையும் நிறுத்துவேன் என்று யாரும் சொல்ல முடியாது. குறுஞ்செய்தியில் இந்த வித்தியாசம் கண்ணாலேயே தெரியும்: அனுப்புபவர் பேரின் கடைசியில் -P என்றிருந்தால் விளம்பரம், -S என்றிருந்தால் சேவை. விளம்பர அழைப்பு 140-இல் தொடங்கும் எண்ணிலிருந்து வர வேண்டும். சேவை அழைப்புக்கு 1600 வரிசை. காப்பீட்டுக் கம்பெனிகள் அதற்கு மாற 2026 பிப்ரவரி 15 என்று டிராய் கெடு வைத்தது. எனக்கு வந்த மூன்றும் சாதாரணப் பத்து இலக்க எண்கள்.

நான் 1909-க்கு START 0 என்று குறுஞ்செய்தி அனுப்பி, விளம்பரத் தொல்லை வேண்டாம் என்னும் டிஎன்டி பதிவு போட்டுப் பல வருஷம் ஆகிறது. பிறகு எப்படி வருகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கத்தான் ஒரு மாதம் ஆனது. வாங்கும்போது ஏஜென்ட் நிரப்பிக் கொடுத்த புரபோசல் ஃபார்மின் பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் ஒரு வரி: கம்பெனியும் அதன் கூட்டாளிகளும் டிஎன்டி பதிவு இருந்தாலும் என்னைத் தொடர்புகொள்ளச் சம்மதிக்கிறேன். நான் படிக்கவில்லை. அவர் படித்துக் காட்டவும் இல்லை. கையெழுத்துக்கு அவர் பென்சிலில் போட்ட பெருக்கல் குறியில் போட்டுவிட்டேன். வெளிப்படையாகக் கொடுத்த சம்மதம் டிஎன்டியை மீறிச் செல்லும் என்பது விதி. ஆக, டிஎன்டியை இன்னும் பத்து தரம் போட்டாலும் பயனில்லை. அந்தச் சம்மதத்தையே திரும்பப் பெற வேண்டும், அதுவும் கம்பெனியிடம், எழுத்தில்.

போனில் சொன்னதெல்லாம் காற்றோடு போய்விட்டது. நாலு தரம் சொன்னேன், நாலு தரமும் "நோட் பண்ணிட்டோம்" என்றார்கள். எங்கே நோட் பண்ணினார்கள் என்று கேட்டால் சர்வீஸ் ரிக்வெஸ்ட் எண்கூட இல்லை. பிறகு அவர்களுடைய குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போட்டேன். அப்படியே தருகிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்:

"என் பாலிசி எண் இது, பதிவான கைபேசி எண் இது. விளம்பரத்துக்காக நான் கொடுத்ததாக உங்களிடம் உள்ள எல்லாச் சம்மதத்தையும் இன்றைய தேதியிலிருந்து திரும்பப் பெறுகிறேன். இது போன், குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், மெயில் நான்குக்கும் பொருந்தும். உங்கள் கிளைகள், ஏஜென்ட்கள், கூட்டு நிறுவனங்களுக்கும் பொருந்தும். பிரீமியம், புதுப்பித்தல், கிளைம் பற்றிய தகவல்கள் தொடர்ந்து வர வேண்டும். இதை உங்கள் பதிவில் ஏற்றிய தேதியை எழுத்தில் தெரிவிக்கவும். என்னிடம் சம்மதம் எந்தத் தேதியில், எந்தப் படிவத்தில் வாங்கப்பட்டது என்பதற்கான நகலையும் அனுப்பவும்."

கடைசி வரிதான் முக்கியம். அதைக் கேட்ட பிறகுதான் ஃபார்மின் ஸ்கேன் நகல் வந்தது, மேலே சொன்ன பொடி எழுத்து வரியை நான் பார்த்ததே அதில்தான்.

நிறுத்துகிறோம் என்று பதில் வந்த ஒன்பதாம் நாள் மறுபடி போன். இந்தத் தடவை கிளையிலிருந்து. தலைமை அலுவலகத்தில் என் பேரை எடுத்திருக்கிறார்கள், ஏற்கெனவே கிளைக்கும் ஏஜென்ட்களுக்கும் போன எக்செல் பட்டியலில் நான் அப்படியே இருக்கிறேன். அந்தப் பையனிடம் கத்தவில்லை, பாவம், அவனுக்குக் கொடுத்த பட்டியல் அது. எண்ணையும் நேரத்தையும் அவன் சொன்னதையும் குறித்துக்கொண்டு 1909-இல் புகார் போட்டேன். அழைப்பு வந்து ஏழு நாளுக்குள் போட வேண்டும். டிராயின் டிஎன்டி ஆப்பிலும் போடலாம். இப்படி விளம்பர அழைப்புக்கெனப் பதிவு செய்யாத பத்து இலக்க எண் மேல் பத்து நாளில் ஐந்து புகார் சேர்ந்தாலே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2025-இல் விதியை மாற்றியிருக்கிறார்கள். தயவுசெய்து போடுங்கள், நான் ஒருத்தி போட்டால் ஒன்றுதான் ஆகும். வாட்ஸ்அப் செய்திக்கு மட்டும் 1909 உதவாது, அதற்குக் கம்பெனிக்குத்தான் எழுத வேண்டும்.

குறைதீர்ப்பு அதிகாரிக்கும் இதைச் சொல்லி இன்னொரு மெயில் போட்டேன். அவருக்குப் பதினான்கு நாள் அவகாசம். அது தாண்டியதும் ஐஆர்டிஏஐ-யின் பீமா பரோசா புகார் தளத்தில், இரண்டு மெயில்களையும் அழைப்புப் பட்டியலையும் இணைத்துப் போட்டேன். 155255-க்கு அழைத்தும் பதியலாம். அதன் பிறகுதான் கம்பெனியிலிருந்து, கிளைக்கும் தகவல் அனுப்பியாகிவிட்டது என்று தேதி போட்ட கடிதம் வந்தது.

ஒரு கையெழுத்தில் கொடுத்ததைத் திரும்பப் பெற எனக்கு நாலு போன், இரண்டு மெயில், இரண்டு இடத்தில் புகார். கொடுப்பது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்று 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. விதிகள் வந்ததே 2025 நவம்பரில். இந்தக் கடமை கம்பெனிகளைக் கட்டுப்படுத்த அதிலிருந்து இன்னும் பதினெட்டு மாதம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் என்ன செய்வது?

போன வாரம் பாலிசியைப் புதுப்பிக்கத் தளத்துக்குப் போனேன். பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே அதே வரி, பக்கத்தில் கட்டத்தில் டிக் ஏற்கெனவே போட்டிருக்கிறது. எடுத்தேன். பணம் கட்டும் முன் அந்தப் பக்கத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவர்களுடைய கடிதத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.