சூடு நிற்காத பிளாஸ்க்: வாசர் மட்டுமே காரணமல்ல

“பிளாஸ்க்கில சூடு நிக்காட்டி மூடி வாசர மாத்தினாப் போதும், வேற ஒண்டும் பழுதாகாது.”

இது பாதிதான் சரி. வாசர் தேய்ந்தால் நீராவி மூடியோரமாக வெளியேறி, அதனோடு சூடும் போய்விடும். ஆனால் ஸ்டீல் பிளாஸ்க்கில் சூட்டைப் பிடித்து வைப்பது இரு சுவர்களுக்கும் இடையிலுள்ள வெற்றிடம். கீழே விழுந்து ஒட்டுவாயில் மயிரிழை வெடிப்பு ஏற்பட்டாலும் அதற்குள் காற்றுப் புகுந்துவிடும், வெளியே நசுங்கல்கூடத் தெரியாது.

கொதிநீர் நிரப்பி மூடி, நிமிர்த்தி வைத்து, 10 நிமிடம் கழித்து உடற்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். கழுத்தடி நல்ல பிளாஸ்க்கிலும் சற்றுச் சுடும் என்பதால் அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். உடல் முழுவதும் சுட்டால் வெற்றிடம் போய்விட்டது. நசுங்கிய இடம் மட்டும் சுட்டால் அங்கே இரு சுவர்களும் முட்டுகின்றன. உடல் சுடாமல், கவிழ்த்ததும் மூடியோரம் ஒழுகினால் மட்டும் வாசரை மாற்றுங்கள்.

வாசரை மாற்றிய பிறகும் வயலுக்குக் கொண்டுபோகும் பிளேன்டீ ஆறிவிடுகிறது, பிளாஸ்க்கின் பக்கமெல்லாம் சுடுகிறது என்று கல்முனைத் தம்பி எழுதியிருப்பது வெற்றிடம் போனதற்கான அடையாளமே. அதை வீட்டில் திருத்த முடியாது. காத்தான்குடி அக்கா கேட்பதோ கண்ணாடி பிளாஸ்க்கைப் பற்றி. உள்கண்ணாடியின் அடியிலுள்ள கூர்நுனி முறிந்தால் அதற்கும் இதே கதிதான், ஆனால் அளவான உள்கண்ணாடி கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம். ஏறாவூர் அண்ணனோ தன் பிளாஸ்க்கில் சூடு நிற்கவில்லை, ஆனால் அது வெளியே சுடவும் இல்லை, ஒழுகவும் இல்லை என்கிறார். அரைவாசி மட்டும் நிரப்பினால் நல்ல பிளாஸ்க்கிலும் விரைவில் ஆறும், அவர் எவ்வளவு நிரப்புகிறார் என்பதைச் சொல்லவில்லை.