கேஷ் கிரெடிட் எனும் சி.சி. கடன் லிமிட்டை முழுசாக எடுக்க முடியுமா?

"10 லட்சம் சி.சி. லிமிட் சாங்ஷன் ஆயிட்டா முழுசா எடுக்கலாம். ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் சும்மா ஃபார்மாலிட்டி."

தவறு. லிமிட் உச்சவரம்பு மட்டுமே. எடுக்கக்கூடிய தொகை டிராயிங் பவர். அதை, கையிருப்புச் சரக்கைக் காட்டி வங்கிக்குத் தரும் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட்தான் தீர்மானிக்கிறது.

கீழமாசி வீதி மளிகை மொத்தக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சரக்கு 9 லட்சம். அதில் 3 லட்சத்துக்கு இன்னும் பணம் கட்டவில்லை. கடனுக்கு வாங்கிய சரக்கை வங்கி சேர்த்துக்கொள்ளாது. பலர் சறுக்குவது இங்கேதான். மீதி 6 லட்சத்தில் கடைக்காரர் பங்கான மார்ஜின் 25 சதவீதம் என்றால், டிராயிங் பவர் 4.5 லட்சம்தான். வரவேண்டிய பாக்கியையும் வங்கி ஏற்றால் கொஞ்சம் கூடும்.

அப்புறம், ஸ்டேட்மெண்ட் 3 மாதத்துக்கு மேல் பழசானால், ரிசர்வ் வங்கி விதிப்படி கணக்கு ஒழுங்கற்றது. அந்நிலை 90 நாள் தொடர்ந்தால், வட்டியை ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் வாராக்கடன்தான்.