அரிப்பு என்றாலே பூஞ்சைக் களிம்பா?

மாதவிடாய் நின்று சில ஆண்டுகள் ஆன பெண் பிறப்புறுப்பு அரிப்புக்கு மருந்து கேட்டால், யோசிக்காமல் பூஞ்சைக் களிம்பை எடுத்து நீட்டும் வழக்கத்தை மருந்துக்கடைகள் விட வேண்டும். நானும் மருந்துக்கடை நடத்துகிறவள்தான். சக கடைக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

கடையில் ஆண்கள் யாராவது நின்றால் அவர்கள் போகும்வரை காத்திருந்துதான் இந்தப் பெண்கள் வாய் திறக்கிறார்கள். "அரிப்புக்கு ஒரு டியூப்" என்பார்கள். எங்கே அரிப்பு என்று சொல்ல மாட்டார்கள். கவுன்டரில் நிற்கும் பையனும் கேட்க மாட்டான். படர்தாமரைக்குக் கொடுக்கும் கலவைக் களிம்பு ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவான். பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், கூடவே வீரியமான ஸ்டீராய்டு என்று எல்லாம் ஒரே டியூபில் இருக்கும். ஸ்டீராய்டு இரண்டு நாளில் அரிப்பை அடக்கிவிடுவதால் மருந்து வேலை செய்கிறது என்று நம்பிவிடுவார்கள். நிறுத்தியதும் அரிப்பு திரும்பும், அடுத்த டியூப் வாங்குவார்கள். மருத்துவர் பார்க்காமல் மாதக்கணக்கில் பூசும் ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும். இந்த வயதில் அந்த இடத்துத் தோல் ஏற்கெனவே மெலிந்து போயிருக்கிறது என்பதுதான் கொடுமை.

ஏன் மெலிகிறது? யோனியின் உட்சுவரைத் தடிமனாகவும் ஈரமாகவும் வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன். அது இருக்கும்வரை உட்சுவரின் செல்களில் கிளைகோஜன் என்ற சர்க்கரைப் பொருள் சேர்ந்திருக்கும். அதை நம்பி வாழும் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, அந்த இடத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவை ஏறத்தாழ 4-இல் வைத்திருக்கும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சரிகிறது, கிளைகோஜன் குறைகிறது, நல்ல பாக்டீரியாக்களும் குறைகின்றன, அமிலத்தன்மை குறைந்து பி.எச். 5-ஐத் தாண்டிவிடுகிறது. சுவர் மெலிந்து, வெளிறி, நெகிழ்ச்சி இழந்து, தொட்டாலே எரிகிறது. உடலுறவின்போது கீறுவது போன்ற வலி வருவதும், சில நேரம் துளி ரத்தம் படுவதும் இதனால்தான். சிறுநீர்ப் பாதையும் இதே ஹார்மோனை நம்பியிருப்பதால், அடிக்கடி சிறுநீர் எரிச்சலும் தொற்றும் கூடவே வருகின்றன.

பூஞ்சைக்கும் வளர ஈஸ்ட்ரோஜனும் கிளைகோஜனும் உள்ள சூழல்தான் பிடிக்கும். ஆகவே சர்க்கரை நோய் இல்லாத, ஹார்மோன் மருந்து எதுவும் எடுக்காத 55 வயதுப் பெண்ணுக்குப் பூஞ்சைத் தொற்று வரும் வாய்ப்பு இளம்பெண்ணைவிடக் குறைவு. நாம் டியூப் டியூபாகக் கொடுப்பதோ பூஞ்சை மருந்து.

எங்கள் கடைக்கு வழக்கமாக வரும் ஓர் அக்காவின் கதையை அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். 56 வயது, மாதவிடாய் நின்று ஏழு ஆண்டுகள். இரண்டு ஆண்டுகளாக அரிப்பு, வறட்சி. மூன்று வகைக் களிம்பு பூசியாயிற்று. சுத்தம் போதவில்லை என்று நினைத்துத் தினமும் கிருமிநாசினி கலந்த நீரில் கழுவியிருக்கிறார். அது எரிச்சலைக் கூட்டியிருக்கிறது. வலிக்குப் பயந்து கணவர் பக்கத்தில் படுப்பதையே தவிர்த்து, கூடத்தில் படுக்கத் தொடங்கிவிட்டார். தன்மேல் ஏதோ கோபம் என்று கணவர் நினைத்திருக்கிறார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஒருவழியாக மகளிர் நல மருத்துவரிடம் போனார். மருத்துவர் முதலில் எல்லாக் களிம்பையும் கழுவும் திரவத்தையும் நிறுத்தச் சொன்னார். நேரில் பரிசோதித்தார், சுவர் வெளிறி, வறண்டு, மடிப்புகள் மறைந்து இருந்தது. பி.எச். தாள் 6 காட்டியது. சர்க்கரை அளவும் சிறுநீரும் பார்க்கப்பட்டன. இரண்டும் சரியாக இருந்தன. பிறகு ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகையான எஸ்ட்ரியால் களிம்பை எழுதிக் கொடுத்தார். ஒரு கிராமில் 1 மில்லிகிராம் எஸ்ட்ரியால் உள்ள வகை அது. உடன் வரும் குழலில் அரை கிராம் எடுத்து இரவு படுக்கும்போது யோனிக்குள் செலுத்த வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் தினமும், அதன்பின் வாரத்துக்கு இரண்டு முறை. பொதுவாக இப்படித்தான் எழுதுவார்கள். உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

முதல் வாரம் மருந்து எரிகிறது என்று அந்த அக்கா கடைக்கு வந்து புலம்பினார். மெலிந்த சுவரில் எந்தக் களிம்பு பட்டாலும் தொடக்கத்தில் கொஞ்சம் எரியும். சுவர் தேறத் தேற அது அடங்கும். அடங்காமல் கூடினால்தான் மருத்துவரிடம் திரும்பப் போக வேண்டும். அவருக்கு அடங்கிவிட்டது. அரிப்பு ஒரு மாதத்துக்குள் குறைந்தது, வலி குறைய மூன்று மாதம் பிடித்தது. அந்த மூன்று மாதம் பொறுக்க முடியாமல் பலர் நடுவில் விட்டுவிடுகிறார்கள். குணமானதும் நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. மாதவிடாய் நிற்கும் காலத்தில் உடலில் திடீரென்று சூடு பறப்பது சில ஆண்டுகளில் தணியலாம். இந்த வறட்சி தானாகச் சரியாவதில்லை. மருந்தை விட்டால் சில வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பிவிடும்.

அந்த அக்காவும் நடுவில் நிறுத்தப் பார்த்தார், ஆனால் வேறு காரணத்துக்காக. மகள் டப்பாவுக்குள் இருந்த துண்டுச் சீட்டை வாசித்துவிட்டாள். மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம் என்று வரிசையாக இருக்கிறது. படித்த யாருக்கும் பயம் வரும்.

அந்த எச்சரிக்கையின் வேர், 2002-இல் அமெரிக்காவில் பெரிய அளவில் பேசப்பட்ட ஓர் ஆய்வு. அதில் பெண்கள் தினமும் விழுங்கியவை ஈஸ்ட்ரோஜனும், அதனால் கருப்பையின் உட்சுவர் தடிக்காமல் காக்கும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரைகள். ரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் போகும் மருந்து அது. அதன் விளைவுகளை வைத்து எழுதிய எச்சரிக்கையை, யோனியில் மட்டும் வைக்கும் குறைந்த அளவு மருந்தின் டப்பாவிலும் அப்படியே ஒட்டிவிட்டார்கள். அளவில் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். மேலைநாடுகளில் பரவலாக உள்ள, எஸ்ட்ரடையால் என்ற இன்னொரு வகை ஈஸ்ட்ரோஜன் 10 மைக்ரோகிராம் உள்ள யோனி மாத்திரையை முதல் ஆண்டு முழுவதும் முறைப்படி வைத்தாலும் மொத்தம் சேரும் மருந்து 1 மில்லிகிராமுக்குச் சற்று மேல். வாயால் விழுங்கும் மாத்திரையில் அது ஏறத்தாழ ஒரு நாள் அளவு. குறைந்த அளவு யோனி ஈஸ்ட்ரோஜனை முறையாகப் பயன்படுத்தும்போது ரத்தத்தில் ஹார்மோன் அளவு மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இயல்பான எல்லைக்குள்ளேயே பெரும்பாலும் இருக்கிறது. அதனால்தான் இதற்குக் கூடவே புரோஜெஸ்டின் மாத்திரை பொதுவாகத் தேவைப்படுவதில்லை. மாதவிடாய் நின்றபின் எடுக்கும் ஹார்மோன் மருந்துகளின் சீட்டில் கறுப்புக் கட்டத்துக்குள் அச்சிடும் அந்த எச்சரிக்கையை நீக்கப்போவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 நவம்பரில் அறிவித்தது. இருபது ஆண்டுக்கு மேல் ஒரு தவறான சீட்டு எத்தனை பெண்களைப் பயமுறுத்தியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஆனால் இதை வைத்துக்கொண்டு யாரும் நேராகக் கடைக்கு வந்து எஸ்ட்ரியால் கேட்காதீர்கள்; மருத்துவர் சீட்டு இல்லாமல் நான் கொடுக்க மாட்டேன். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், அதிலும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள், புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. கருப்பைப் புற்றுநோய் வந்தவர்களும், கால் ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களும் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஹார்மோன் வேண்டாம் என்பவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. யோனிக்கான ஈரப்பத ஜெல், ஹையலூரானிக் அமிலம் கலந்தது உட்பட, கிடைக்கிறது. உடலுறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பயன்படுத்த வேண்டியது அது. உடலுறவு நேரத்தில் உராய்வைக் குறைக்கும் வழுக்கு ஜெல் வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஏமாறுகிறவர்கள் அதிகம். லேசான தொல்லைக்கு இவையே போதும். 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 12 வாரம் எஸ்ட்ரடையால் மாத்திரை வைத்தவர்களுக்கும் ஈரப்பத ஜெல் பயன்படுத்தியவர்களுக்கும் தொல்லை குறைந்த அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. எனவே ஜெல்லில் தொடங்கிப் பார்ப்பது மட்டமான சிகிச்சை அல்ல. வாசனை சேர்த்தவற்றையும் 'சூடேற்றும்' வகைகளையும் தவிருங்கள். எஸ்ட்ரியால் களிம்பை வழுக்கு ஜெல்லாகப் பயன்படுத்தக் கூடாது. ஆணின் தோலிலும் மருந்து ஏறும். ஆணுறை பயன்படுத்துகிறவர்கள் தேங்காய் எண்ணெயைத் தொடக் கூடாது, ரப்பர் கிழிந்துவிடக்கூடும்.

லேசர் சிகிச்சை என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். 2021-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு பிரிவுக்கு உண்மையான லேசரும் இன்னொரு பிரிவுக்குப் பொய் லேசரும் கொடுத்து ஓராண்டு பார்த்தார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. அந்தப் பணத்தை வேறு எதற்காவது வையுங்கள்.

எல்லா அரிப்பும் இந்த வறட்சி என்று நான் சொல்லவில்லை. வெளிப்புறத் தோல் வெள்ளைத் திட்டாக, சுருங்கிய காகிதம் போல் மாறி, இரவில் தூக்கம் கெடும் அளவு அரித்தால் அது லைக்கன் ஸ்கிளரோசஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம். வேடிக்கை என்னவென்றால் அதற்கு வீரியமான ஸ்டீராய்டு களிம்புதான் மருந்து. ஆனால் மருத்துவர் பார்த்து, அளவு சொல்லி, தொடர்ந்து கண்காணித்துக் கொடுப்பது. கவனிக்காமல் விட்டால் சிலருக்கு அந்த இடத்தில் புற்றுநோய் வரும். மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும், வறட்சிதான் காரணம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். கருப்பை உட்சுவரின் தடிமனை ஸ்கேனில் பார்த்தாக வேண்டும்.

மருந்தால் சுவர் தேறிய பிறகும் வலி தொடர்ந்தால், பழைய வலியின் பயத்தில் இடுப்புத்தளத் தசைகள் தாமாக இறுகிக்கொள்வது காரணமாக இருக்கலாம். அதற்குக் களிம்பு உதவாது. அந்தத் தசைகளைத் தளர்த்தக் கற்றுத்தரும் பிசியோதெரபிஸ்ட் உதவுவார். அந்த அக்காவை மருத்துவர் இப்போது அங்கேதான் அனுப்பியிருக்கிறார். கணவரையும் ஒரு முறை கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்களாம், போயிருக்கிறார்.

மருத்துவரிடம் "கீழே கொஞ்சம் தொந்தரவு" என்று மட்டும் சொன்னால் அவரும் பூஞ்சை மருந்தே எழுதிவிடக்கூடும். மாதவிடாய் நின்று எத்தனை ஆண்டு, அரிப்பு உள்ளேயா வெளியேயா, உறவின்போது வலிக்கிறதா, இதுவரை என்னென்ன பூசினீர்கள் என்பதைச் சொல்லுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் தாளில் எழுதிக் கொடுங்கள். பூசிய டியூபுகளையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்; காலி டியூப்தான் என்றாலும் பரவாயில்லை.