பலகையில் எழுபது, பில்லில் அறுபது

மாட்டுங்காவில் சேலை எடுக்கப் போய் நேற்று வந்த ஆத்திரம் இன்னும் எனக்கு அடங்கவில்லை. கடை வாசலில் ஆள் உயரப் பலகை: ‘50% + 20% தள்ளுபடி’. நடுவில் கொட்டையாக ஒரு கூட்டல் குறி. அம்மாவுக்குப் பிடித்த சேலையின் விலை 4,000 ரூபாய். எழுபது சதவீதம் போனால் 1,200 என்று அம்மா மனக்கணக்குப் போட்டு, இரண்டு ஐந்நூறும் இரண்டு நூறும் எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். பில் வந்தது: 1,600.

கல்லாவில் இருந்த பையன் திருநெல்வேலிக்காரன். “அக்கா, முதலில் ஐம்பது கழியும். மீதியில்தான் இருபது கழியும்” என்றான். அவன் போட்ட கணக்கில் தப்பில்லை. 4,000இல் பாதி போனால் 2,000. இரண்டாவது தள்ளுபடி அந்த 2,000த்துக்குத்தான்; அதில் இருபது சதவீதம் 400. அசல் விலையோடு ஒப்பிட்டால் அது வெறும் பத்து சதவீதம்! ஆக மொத்தம் அறுபதுதான் குறைந்திருக்கிறது. ஐம்பதையும் இருபதையும் நாம் கூட்டும்போது, ஏற்கெனவே கழிந்துபோன பாதி விலையிலும் இருபது சதவீதத்தைக் கழித்துவிடுகிறோம். அம்மா கணக்குக்கும் பில்லுக்கும் இடையில் விழுந்த 400 ரூபாய் அதுதான்.

பின்னால் நின்ற ஒரு பெரியவர், “முதலில் இருபதைக் கழிக்கச் சொல்லம்மா, லாபம்” என்றார். பாவம், நல்லெண்ணத்தில் சொன்னார். ஆனால் 4,000இல் 800 போனால் 3,200; அதில் பாதி அதே 1,600. எதை முதலில் கழித்தாலும் ஒன்றுதான். ஏனென்றால் இங்கே நடப்பது கூட்டல் இல்லை, பெருக்கல். விலையில் ஐந்தில் நான்கு பங்கு, அதில் பாதி.

பெருக்கல் நடக்கிற இடத்தில் கூட்டல் குறியை எதற்கு வரைகிறீர்கள்? உங்கள் பலகையை நம்பினால் ‘50% + 50%’ என்று போட்ட கடையில் சேலையைச் சும்மா கொடுக்க வேண்டும். கொடுப்பீர்களா? 1,000 ரூபாய் கேட்பீர்கள். பத்தும் பத்தும் என்றால்கூடப் பரவாயில்லை. இருபதுக்குப் பதில் பத்தொன்பது, ஒரு சதவீதம்தான் வித்தியாசம். எண்கள் பெரிதாகப் பெரிதாகத்தான் பள்ளம் ஆழமாகிறது. ஐம்பதும் நாற்பதும் தொண்ணூறாகத் தெரியும், கிடைப்பது எழுபது. பலகைகளில் பெரிய எண்களாகவே தொங்குவது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அறுபது சதவீதமே பெரிய தள்ளுபடிதானே! ‘60%’ என்று எழுதியிருந்தால் அம்மா 1,600 ரூபாயைச் சந்தோஷமாக எடுத்துக் கொடுத்திருப்பார். அதைத்தான் அந்தப் பையனிடம் சொன்னேன். “பலகை முதலாளி வைத்தது அக்கா” என்று தலையைக் குனிந்துகொண்டான். அம்மா எதுவும் பேசவில்லை. மடித்த நோட்டுகளைப் பைக்குள் திரும்ப வைத்தார், சேலையைக் கல்லா மேலேயே விட்டுவிட்டுப் படியிறங்கினார்.